‘இன்னும் ஏற்கப்படவில்லை’: ஒரு வரிப் பதிலின் பொறுப்புகள்

பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகங்களிலிருந்து புறப்படும் கடிதங்களில் மிகச் சிறியது இது: ‘தங்கள் பணிவிலகல் கடிதம் பெறப்பட்டது. விசாரணை நிலுவையில் உள்ளதால் அது இன்னும் ஏற்கப்படவில்லை.’ இரண்டே வாக்கியங்கள். இவற்றைப் பெறுபவர் தம்மைச் சிறைப்பிடித்துவிட்டதாக எண்ணுகிறார். புகார் கொடுத்தவர் நீதி காப்பாற்றப்பட்டதாக எண்ணுகிறார். கையொப்பமிட்ட அதிகாரியோ கோப்பு ஒரு மேசையிலிருந்து நகர்ந்துவிட்டது என்பதற்கு மேல் எதையும் எண்ணுவதில்லை. பெரும்பாலான நேரங்களில் மூவர் எண்ணமும் பிழையானது.

விசாரணை நடக்கும்போது பணிவிலகலை ஏற்காமல் வைத்திருக்க நிறுவனத்திற்கு உரிமை உண்டு. பல சூழல்களில் அது கடமையும்கூட. ஆனால் ‘இன்னும் இல்லை’ என்ற சொல் ஒரு முடிவாக இருக்க வேண்டும். முடிவெடுக்காமையை மறைக்கும் திரையாக இருக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை ஒரு சூழலைக் கொண்டு பார்ப்பது எளிது.

ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணியிலுள்ள ஓர் உதவிப் பேராசிரியர் மீது ஆய்வு மாணவி ஒருவர் ஜூலை 8 அன்று உள்ளகப் புகார்க் குழுவிடம் பாலியல் தொல்லைப் புகார் அளிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். புகாரின் நகல் ஆசிரியருக்குப் போகிறது. ஆகஸ்ட் 4 அன்று அவர் பணிவிலகல் கடிதம் கொடுக்கிறார். காரணம், ‘சொந்தக் காரணங்கள்’. மூன்று மாத முன்னறிவிப்புக்குப் பதிலாக மூன்று மாத ஊதியத்தைச் செலுத்திவிடுவதாகவும், உடனே விடுவிக்குமாறும் கேட்கிறார். அடுத்த நாளிலிருந்து வகுப்புக்கு வருவதில்லை. ஒரு வாரம் கழித்து அந்த இரண்டு வாக்கியக் கடிதம் அவருக்குப் போகிறது.

முதல் கேள்வி: அவர் விலகிவிட்டாரா? ‘இதன் மூலம் பணியிலிருந்து விலகுகிறேன்’ என்பது செய்தி சொல்லும் வாக்கியம் அன்று, செயலைச் செய்யும் வாக்கியம். மொழித் தத்துவத்தில் ஜே. எல். ஆஸ்டின் விளக்கிய வகை அது. ஆனால் அத்தகைய எல்லா வாக்கியங்களும் சொன்ன மாத்திரத்தில் நிறைவேறிவிடுவதில்லை. ‘பந்தயம்’ என்று ஒருவர் சொன்னால் மட்டும் போதாது. எதிரே இருப்பவர் ‘சரி’ என்றால்தான் பந்தயம் பிறக்கும். இந்தியச் சட்டத்தில் இந்த இரு வகைப் பணிவிலகல்களும் இருக்கின்றன.

உயர் நீதிமன்ற நீதிபதி குடியரசுத் தலைவருக்குத் தம் கையொப்பமிட்டு எழுதினால் போதும்; ஏற்பு தேவையில்லை. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 மே மாதம் எழுதிய கடிதத்தில் ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாகக் குறிப்பிட்டு, ஜூலை 15 அன்று அதைத் திரும்பப் பெற்றார். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தபோது இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. நீதிபதியின் விலகல் ஒருதலைச் செயல். ஆயினும் அவரே குறித்த நாள் வரும்வரை அது முழுமையடையவில்லை, எனவே திரும்பப் பெற்றது செல்லும். அரசு ஊழியரின் விலகலோ இருதலைச் செயல். அது ஒரு வேண்டுகோள். உரிய அதிகாரி ஏற்கும்போதுதான் பணி முடிகிறது. 1968-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஏற்கும் வரை விலகலைத் திரும்பப் பெறலாம். ஏற்ற பிறகு, விதி வேறாகச் சொல்லாத வரை, முடியாது.

மத்தியப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை இது தீர்ப்புகளிலிருந்து ஊகித்தறிய வேண்டியதுகூட அன்று. 2009-ஆம் ஆண்டின் மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலுள்ள விதிகளிலேயே இருக்கிறது. நிரந்தர ஊழியர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்தோ, மூன்று மாத ஊதியத்தைச் செலுத்தியோ விலகலாம். ஆனால் நிர்வாகக் குழுவோ பணியமர்த்திய அதிகாரியோ அதை ஏற்கும் நாளில்தான் விலகல் நடைமுறைக்கு வரும். ஆகவே நம் ஆசிரியர் பணத்தைக் கட்டிவிட்டார் என்பதால் விலகியவர் ஆகவில்லை. வகுப்புக்கு வராத ஒவ்வொரு நாளும் அனுமதியற்ற வராமை. முதல் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாமல் போனாலும், இந்த இரண்டாவது குற்றச்சாட்டைத் தம் கையாலேயே அவர் எழுதிக்கொடுத்துவிடக்கூடும். விசாரணைக்கு வராவிட்டால் அது அவர் இல்லாமலே நடந்து முடியும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. விருப்ப ஓய்வும் பணிவிலகலும் ஒன்றல்ல. இருபது ஆண்டு தகுதிப் பணி முடித்த மத்திய அரசு ஊழியர் மூன்று மாத முன்னறிவிப்புடன் விருப்ப ஓய்வு கேட்டால், அந்தக் காலம் முடிவதற்குள் அதிகாரி மறுக்காவிட்டால் ஓய்வு தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும். அங்கே மௌனம் சம்மதம். குஜராத்தின் நீதித்துறை அலுவலர் ஒருவரின் வழக்கில், ஒழுங்கு நடவடிக்கையைக் காட்டி ஓய்வை மறுக்க விரும்பும் அரசு அந்த மறுப்பை முன்னறிவிப்புக் காலத்திற்குள்ளேயே தெரிவித்திருக்க வேண்டும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணிவிலகலில் அப்படி இல்லை. அங்கே மௌனம் வெறும் மௌனம்தான். விருப்ப ஓய்வின் கணக்கைப் பணிவிலகலுக்குப் போட்டு, ‘மூன்று மாதம் முடிந்துவிட்டது, இனி நான் சுதந்திரன்’ என்று வேறிடத்தில் சேர்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

அடுத்த கேள்வி: ஏற்றுவிட்டால் என்ன கெடும்? போக விரும்புபவரைப் பிடித்து வைப்பதில் யாருக்கு என்ன பயன்? மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். மத்திய அரசின் பணியாளர் துறை 1988 பிப்ரவரி 11 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணையும் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. விருப்பமில்லாத ஊழியரை வைத்திருப்பது அரசுக்கு நன்மையன்று, எனவே பணிவிலகலை ஏற்பதே பொது விதி என்கிறது அது. ஆனால் பணியிடை நீக்கத்தில் இருப்பவர் விலகினால் நிலைமை மாறுகிறது. கடுமையான குற்றச்சாட்டுகளில்தான் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார்; எனவே அவரது விலகலை ஏற்பது பொதுவாக முறையாகாது. மூன்று விதிவிலக்குகளையும் அது சொல்கிறது: குற்றச்சாட்டு ஒழுக்கக் கேடு சார்ந்ததாக இல்லாமல் இருந்தால்; விசாரணையைத் தொடர்ந்தாலும் பணிநீக்கம் வரை போகும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லாவிட்டால்; அல்லது விசாரணை மிக நீளக்கூடியதாக இருந்து, விலகலை ஏற்பதே அரசுக் கருவூலத்துக்குச் சிக்கனமாக இருந்தால். இது அரசு ஊழியர்களுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் எந்தக் கல்வி நிறுவனமும் தன் முன் வைத்துக்கொள்ளத்தக்க அளவுகோல் இது. குற்றச்சாட்டின் தன்மையும் சான்றின் வலுவும் விசாரணை எடுக்கும் காலமும் எடைபோடப்பட வேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்த எடைபோடலுக்குக் காரணம் எளியது. ஒழுங்கு நடவடிக்கையின் அதிகாரம் பணி உறவிலிருந்து வருகிறது. பணி உறவு முடிந்தால் கண்டிக்கவோ ஊதிய உயர்வை நிறுத்தவோ பணிநீக்கம் செய்யவோ யாரும் இல்லை. ஏற்கப்பட்ட விலகல் ஒரு கதவை மூடிவிடுகிறது. பிறகு அதைத் திறக்க நிறுவனத்திடம் சாவி இல்லை. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இந்த ஆபத்தை ஓரளவு முன்கூட்டியே கண்டிருக்கிறது. புகார்தாரருக்கான இழப்பீட்டை எதிர்மனுதாரரின் ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்யலாம். அவர் பணியில் இல்லாமல் போயிருந்தால் நேரடியாகச் செலுத்தச் சொல்லலாம். செலுத்தாவிட்டால் நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்கலாம். ஆக, பணம் தப்பாது. ஆனால் பணிநீக்கம் தப்பிவிடும். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகினார்’ என்ற பணிச் சான்றிதழுடன் அவர் அடுத்த ஊரின் நேர்காணலில் போய் அமரலாம். அங்கே வேறு மாணவிகள் இருப்பார்கள்.

நிறுவனங்கள் உண்மையில் சறுக்குவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். ஊழியரைப் பிடித்து வைக்கும் கொடுமையைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது; அவசரமாக வழியனுப்பி வைக்கும் வசதியைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. விலகல் கடிதம் மேசைக்கு வந்ததும் நிர்வாகத்துக்கு ஒரு நிம்மதி பிறக்கிறது: விசாரணை வேண்டாம், செய்தித்தாள் வேண்டாம், மேல்முறையீடு வேண்டாம். அந்த நிம்மதியின் விலையைப் புகார் கொடுத்தவரே செலுத்துகிறார். அவர் சொன்னது உண்மை என்றோ பொய் என்றோ யாரும் சொல்லாமல் கோப்பு மூடப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதியாக இருந்தால், அந்தத் தீர்ப்பின்மை அவருக்கும் தண்டனைதான்.

ஆகவே ‘இன்னும் ஏற்கப்படவில்லை’ என்ற பதில் சரியான பதிலாக இருக்க முடியும். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்கள் அந்த வேலையைச் செய்கின்றனவா? அவற்றின் சொற்களைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம்.

‘ஏற்கப்படவில்லை’ என்பதில் யார் ஏற்கவில்லை என்பது இல்லை. செயப்பாட்டு வினை எழுவாயை விழுங்கிவிடுகிறது. கடிதம் எழுதியவர் பதிவாளர். ஏற்கும் அதிகாரம் நிர்வாகக் குழுவுடையது. அந்தக் குழு கடிதத்தைப் பார்த்து ‘இப்போது வேண்டாம்’ என்று முடிவெடுத்ததா, அல்லது குழு கூடவே இல்லை, கடிதம் அதன் முன் போகவே இல்லை என்பதா? முன்னது ஒரு முடிவு, பின்னது வெறும் தகவல். இரண்டையும் ஒரே சொல் சொல்கிறது. ராஜ்குமார் வழக்கில் உறுதியான இன்னொரு செய்தி இங்கே நினைவில் கொள்ளத்தக்கது: அந்த அதிகாரி தம் விலகலைத் திரும்பப் பெற முயன்றபோது, அது கோப்பில் ஏற்கப்பட்டிருந்தது, அந்த ஏற்பு அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கவில்லை. அப்படியிருந்தும் ஏற்பு செல்லும் என்றது நீதிமன்றம். கோப்பில் நடந்ததும் கடிதத்தில் சொன்னதும் வேறு வேறாக இருந்தால், வழக்கில் நிற்கப்போவது கோப்பு. எனவே இக்கடிதத்தில் கையொப்பமிடுபவர் முதலில் கோப்பைப் படிக்க வேண்டும்.

அடுத்து, ‘இன்னும்’. ‘பேருந்து இன்னும் வரவில்லை’ என்றால் வரும் என்று பொருள். வராத பேருந்தைப் பற்றி யாரும் ‘இன்னும்’ என்று சொல்வதில்லை. ‘இன்னும் ஏற்கப்படவில்லை’ என்பதைப் படிப்பவர் ‘சில நாளில் ஏற்கப்படும்’ என்ற உறுதிமொழியை அதில் காண்பது அவர் குற்றமன்று; அந்தச் சொல்லின் இயல்பு அது. நிறுவனம் சொல்ல நினைத்தது ‘ஏற்பதற்கில்லை’ என்பதாக இருக்கலாம், ‘விசாரணை முடியும்வரை ஒத்திவைக்கப்படுகிறது’ என்பதாக இருக்கலாம், ‘இதுவரை பரிசீலிக்கவில்லை’ என்பதாகவும் இருக்கலாம். முதலாவது மறுப்பு, இரண்டாவது எல்லையுள்ள காத்திருப்பு, மூன்றாவது வெற்றிடம். மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் அலுவல் நடத்தும் பல்கலைக்கழகங்களில் அந்த மொழிகளிலும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் ‘இன்னும்’ என்று எழுதுவது பின்னால் எந்தப் பக்கமும் சாய்ந்துகொள்ள வசதியாக இருக்கிறது. அதனாலேயே அது எழுதப்படுகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பே கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: வந்த கடிதம் பணிவிலகல்தானா? அலகாபாத் மருத்துவமனை ஒன்றில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மறுநாளே அவர் எழுதிய பதிலில், அந்த ஆணை தேவையற்றது, திரும்பப் பெற வேண்டும், அது இயலாதெனில் விலகுவதைத் தவிரத் தமக்கு வழியில்லை என்ற பொருளில் எழுதினார். மருத்துவமனை அதைப் பணிவிலகலாகக் கொண்டு ஏற்று, விசாரணையைக் கைவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வரிகள் மன வேதனையின் வெளிப்பாடு. விலகும் செயலை அவை செய்யவில்லை. விலகல் என்றால் அது தெளிவாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ‘விலகுகிறேன்’ என்பதற்கும் ‘விலகத்தான் வேண்டியிருக்கும்’ என்பதற்கும் இடையே ஒரு மனிதரின் வாழ்வாதாரம் நின்றது. நிபந்தனையுள்ள கடிதத்துக்குச் சரியான பதில் ‘இன்னும் ஏற்கப்படவில்லை’ என்பதுகூட அன்று. ‘இது பணிவிலகலாகக் கொள்ளப்படவில்லை, அவ்வாறு கருதினால் தெளிவாக எழுதுக’ என்பதே சரி.

மீண்டும் அந்த ஆசிரியரிடம் வரலாம். சட்டம் விசாரணைக்கு 90 நாள் தருகிறது. ஜூலை 8 முதல் எண்ணினால் அக்டோபர் 6. அறிக்கை அடுத்த 10 நாளில், அதாவது அக்டோபர் 16-க்குள். அதன்மீது நிறுவனம் நடவடிக்கை எடுக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 60 நாள் டிசம்பர் 15-இல் முடிகிறது. ஆசிரியரின் மூன்று மாத முன்னறிவிப்பு நவம்பர் 4 வரை. ஆக, முன்னறிவிப்புக் காலத்தைச் சுருக்காமல் இருந்தாலே விசாரணையும் அறிக்கையும் அதற்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் அவரை வைத்திருக்க வேண்டிய காலம் அதிகபட்சம் 41 நாள். பிரச்சினை எவ்வளவு சிறியது என்று தேதிகளை எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது. குழுவும் நிர்வாகமும் தத்தம் கெடுவைக் காத்தால், ஏற்பை ஒத்திவைப்பது யாருடைய வாழ்வையும் முடக்காது.

கெடுவைக் காக்காதபோதுதான் மறுபக்கத்தின் குறை உண்மையாகிறது. பணி விடுவிப்பு ஆணை இல்லாமல் வேறு பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. பணியிடை நீக்கத்தில் இருப்பவருக்குத் தொடக்கத்தில் கிடைப்பது ஏறத்தாழப் பாதி ஊதிய அளவிலான பிழைப்பூதியம். விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தால், தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனை நிறைவேறிவிடுகிறது. 2015-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு எல்லை வகுத்தது. ஒழுங்கு விசாரணையை ஆறு மாதத்திற்குள் முடிக்க முயல வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஓராண்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்றது. அந்த எல்லையே ‘இன்னும்’ என்ற சொல்லுக்கும் எல்லையாக வேண்டும். அதைத் தாண்டியும் விசாரணையை முடிக்காத நிறுவனம், குற்றச்சாட்டு கடுமையானது என்ற காரணத்தைச் சொல்லும் தகுதியை இழக்கிறது. கடுமையானது என்றால் ஏன் முடிக்கவில்லை?

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஏற்கப்படாத விலகல் ஊழியரின் கையிலும் இருக்கிறது. அவர் நாளையே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பணிக்குத் திரும்பி, விசாரணையை எதிர்கொண்டு, குற்றமற்றவர் என்று நிறுவலாம். தம்மீது பழி சுமத்தப்பட்டதாக உண்மையாகவே நம்புபவருக்கு இந்தக் கடிதம் சிறைக்கதவு அன்று, திரும்பி வரும் வாசல். ஆனால் அதை அவருக்குச் சொல்ல வேண்டியதும் நிறுவனம்தான். இரண்டு வாக்கியக் கடிதம் சொல்வதில்லை.

முறையாக எழுதப்பட்டால் அந்தக் கடிதம் இப்படி இருக்கும்:

‘தங்கள் ஆகஸ்ட் 4 நாளிட்ட பணிவிலகல் கடிதத்தை நிர்வாகக் குழு பரிசீலித்தது. தங்கள் மீதான புகார் கடுமையான தன்மையுடையது என்பதாலும், விசாரணை நடைபெற்று வருவதாலும், விலகலின் மீதான முடிவை விசாரணை அறிக்கையின் மீது நடவடிக்கை எடுக்கப்படும்வரை, ஆனால் டிசம்பர் 15-க்கு மேற்படாமல், ஒத்திவைக்கக் குழு தீர்மானித்துள்ளது. முன்னறிவிப்புக் காலத்திற்குப் பதிலாக ஊதியம் செலுத்தும் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அதுவரை தாங்கள் இப்பல்கலைக்கழகத்தின் ஊழியராகவே நீடிக்கிறீர்கள். பணிக்கு வருதலும் விசாரணையில் பங்கேற்றலும் தங்கள் கடமை. விலகலைத் திரும்பப் பெற விரும்பினால் ஏற்பிற்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். இவ்வொத்திவைப்பு குற்றச்சாட்டு மெய்யென்று கொண்டதாகாது.’

இதில் யார் முடிவெடுத்தார் என்பது இருக்கிறது. ஏன், எதுவரை, அதுவரை என்ன செய்ய வேண்டும் என்பவையும் இருக்கின்றன. இதன் சுருக்கத்தைப் புகார் கொடுத்த மாணவிக்கும் அனுப்பினால் அவரும் எதற்காகக் காத்திருக்கிறார், எந்த நாள்வரை காத்திருக்கிறார் என்பதை அறிவார். எழுத அரை மணி நேரம் ஆகும். ஆனால் இப்படி எழுதினால் டிசம்பர் 15 அன்று நிறுவனம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வாக்கியக் கடிதம் இன்றும் வழக்கில் இருப்பதற்குக் காரணம், அதில் அப்படி ஒரு நாள் இல்லை என்பதுதான்.